கேட்காமலேயே எடுத்துக்கொள்வார்களா?

"இறந்தவர் உயிரோடு இருந்தபோது 'வேண்டாம்' என்று பதிந்து வைக்கவில்லை என்றால், உறுப்பு தானத்துக்குச் சம்மதித்ததாகவே எடுத்துக்கொள்ளும் சட்டம் சில நாடுகளில் இருக்கிறதாமே. அப்படியென்றால் அழுதுகொண்டிருக்கும் குடும்பத்தைக் கேட்காமலேயே எடுத்துவிடுவார்களா? அது அவர்களை மதிப்பதாகுமா?"

கேட்காமல் எடுப்பதற்குச் சட்டம் இடம் தரும் நாடுகள் உண்டு. ஆனால் அவற்றில் பெரும்பாலானவற்றில் மருத்துவர்கள் குடும்பத்தோடு பேசாமல் கத்தியைத் தொடுவதில்லை. மதிப்பதாகுமா என்ற இரண்டாவது கேள்விக்கு இப்படி ஒரே வரியில் பதில் சொல்ல முடியாது. நான் இங்கிலாந்தில் முதலில் தீவிர சிகிச்சைப் பிரிவில் செவிலியாக இருந்தேன். பிறகு உறுப்பு தானத்துக்கென்றே பயிற்சி பெற்ற செவிலியாகப் பல வருடங்கள் வேலை பார்த்தேன். சட்டம் மாறுவதற்கு முன்பும் பின்பும் அந்தச் சின்ன அறையில் குடும்பங்களோடு உட்கார்ந்து பேசியவள் என்பதால் அந்த அறையைப் பற்றி உறுதியாகச் சொல்வேன். சட்டத்தின் நுணுக்கங்களில் நான் வழக்கறிஞர் இல்லை என்பதை நினைவில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

இங்கிலாந்தில் இந்தச் சட்டம் 2020 மே 20 அன்று நடைமுறைக்கு வந்தது. வேல்ஸில் 2015 டிசம்பரிலேயே வந்துவிட்டது. ஸ்காட்லாந்தில் 2021, வட அயர்லாந்தில் 2023. சட்டம் சொல்வது இதுதான்: பதினெட்டு வயது நிரம்பியவர், குறைந்தது பன்னிரண்டு மாதமாக அங்கேயே வசித்தவர், முடிவெடுக்கும் மனத்திறன் உள்ளவர், சரி என்றோ வேண்டாம் என்றோ பதிவேட்டில் எதையும் பதியாமல் இறந்தால் அவர் சம்மதித்ததாகக் கருதப்படுவார். சுற்றுலாவுக்கு வந்தவர், சிறுவர், நீண்ட காலமாக இதைப் புரிந்துகொள்ளும் நிலையில் இல்லாதவர் ஆகியோருக்கு இது பொருந்தாது. முகம், கை போன்ற அரிதான மாற்று அறுவைகளுக்கும் பொருந்தாது. அவற்றுக்கு வெளிப்படையான சம்மதம் வேண்டும்.

இதில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. சம்மதம் இருப்பதாகக் கருதினால் எடுப்பதற்கு அனுமதி கிடைக்கிறது, அவ்வளவுதான். எடுத்தே ஆகவேண்டும் என்று சட்டம் யாரையும் கட்டாயப்படுத்துவதில்லை. அதோடு, இறந்தவருக்கு இதில் விருப்பம் இல்லை என்று நியாயமான மனிதர் ஒருவர் நம்பும்படியான தகவலை நெருங்கிய உறவினர் கொடுத்தால் அந்தக் கருதப்பட்ட சம்மதம் அங்கேயே விழுந்துவிடும். ஆகவே குடும்பத்தோடு பேசாமல் அது நிற்கிறதா விழுகிறதா என்று தெரிந்துகொள்ளவே வழியில்லை.

சட்டத்தை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும் குடும்பத்தைத் தாண்டிப் போக முடியாது. காரணம் மிகச் சாதாரணமானது. ஒருவருடைய சிறுநீரகத்தையோ கல்லீரலையோ இன்னொருவர் உடம்பில் வைப்பதற்கு முன் அவர் எப்படி வாழ்ந்தார் என்று தெரியவேண்டும். எப்போதாவது புற்றுநோய் வந்ததா, எந்தெந்த நாடுகளுக்குப் போயிருக்கிறார், எவ்வளவு குடிப்பார், ஊசி மூலம் போதைப்பொருள் எடுத்ததுண்டா, பாலுறவு சம்பந்தமான தொற்று ஏதாவது இருந்ததா, சமீபத்தில் எடை குறைந்ததா என்று அந்தப் படிவம் பக்கம் பக்கமாக நீளும். ரத்தப் பரிசோதனை கொஞ்சம் சொல்லும். மீதியைச் சொல்ல வீட்டில் உள்ளவர்தான் வேண்டும். கணவன் இறந்து இரண்டு மணி நேரம் ஆகாத ஒரு பெண்ணிடம் அவருடைய அந்தரங்கத்தை எல்லாம் கேட்டு எழுதவேண்டியிருக்கிறது. அவர் வாயைத் திறக்க மறுத்தால் எந்த நாட்டுச் சட்டமும் அந்தப் படிவத்தை நிரப்பித் தராது.

நான் இருந்த ஒரு சந்தர்ப்பத்தையே சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். ஐம்பதை நெருங்கிய ஒருவர். விடியற்காலையில் குளியலறையில் விழுந்தார். மூளையில் பெரிய ரத்தக்கசிவு. மூன்றாம் நாள் கண்மணிகள் வெளிச்சத்துக்கு அசையவில்லை. உறிஞ்சுகுழாயை மூச்சுக்குழாய்க்குள் விட்டாலும் இருமல் வரவில்லை. மூளையின் அடிப்பகுதியில் மூச்சை இயக்கும் மூளைத்தண்டு செத்துவிட்டதா என்று பார்க்கும் சோதனை செய்ய முடிவானது. பதிவு பெற்று ஐந்து வருடத்துக்கு மேலான இரண்டு மருத்துவர்கள், முழுச் சோதனையையும் இரண்டு தடவை செய்யவேண்டும். உறுப்பு மாற்றுக் குழுவுக்கும் அவர்களுக்கும் தொடர்பு இருக்கக் கூடாது.

இரண்டாவது தடவை செய்யும்போது மனைவி பக்கத்தில் இருக்க விரும்பினார். வேண்டாம் என்று யாரும் தடுக்கவில்லை. பார்ப்பது சிலருக்கு உதவும். காதுக்குள் ஐஸ் போலக் குளிர்ந்த தண்ணீரை மெதுவாகச் செலுத்துவார்கள். மூளைத்தண்டு வேலை செய்தால் கண்கள் நகரும். அவருடைய கண்கள் நேராக இருந்தபடியே இருந்தன. கடைசியில் ஆக்ஸிஜனை மட்டும் விட்டுவிட்டு வென்டிலேட்டரைக் கழற்றினார்கள். ரத்தத்தில் கரியமில வாயு ஏற ஏற, கொஞ்சமாவது உயிர்ப்புள்ள மூளைத்தண்டு ஒரு மூச்சாவது இழுத்துப் பார்க்கும். ஐந்து நிமிடம் எல்லோரும் அந்த நெஞ்சையே பார்த்துக்கொண்டு நின்றோம். அது ஏறவே இல்லை. மனைவி போர்வையின் ஓரத்தை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தார். "நீங்கள் எல்லாரும் மூன்று நாளாகச் சொன்னது அந்த ஐந்து நிமிடத்தில்தான் எனக்குப் புரிந்தது" என்று பிறகு என்னிடம் சொன்னார்.

அந்த நேரத்திலேயே தானத்தைப் பற்றிப் பேசமாட்டோம். எங்கள் பயிற்சியில் முதலில் வரும் பாடமே அதுதான்: சாவுச் செய்தி ஒரு பேச்சு, தானம் வேறொரு பேச்சு, இரண்டுக்கும் நடுவில் இடைவெளி வேண்டும். உடம்பு சூடாக இருக்கிறது, நெஞ்சு ஏறி இறங்குகிறது, மானிட்டரில் இதயத் துடிப்பு ஓடுகிறது. இதைப் பார்த்துக்கொண்டே "இறந்துவிட்டார்" என்ற சொல்லை உள்ளே வாங்கிக்கொள்ள நேரம் எடுக்கும். அது முடிவதற்குள் சிறுநீரகத்தைப் பற்றிப் பேசினால், உறுப்புக்காகத்தான் அவசரப்படுத்தி இறந்ததாகச் சொல்கிறார்கள் என்று அவர்களுக்குத் தோன்றும். தோன்றாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

ஒன்றரை மணி நேரம் கழித்து அந்தச் சின்ன அறையில் உட்கார்ந்தோம். மனைவி, பத்தொன்பது வயது மகன், இறந்தவரின் தம்பி. பதிவேட்டை நான் முன்பே பார்த்துவிட்டேன். அவர் பெயர் இல்லை, சரி என்றும் இல்லை, வேண்டாம் என்றும் இல்லை. புதிய சட்டத்துக்குப் பிறகு எங்கள் முதல் வாக்கியம் மாறியிருந்தது. முன்பெல்லாம் "தானம் செய்ய உங்களுக்கு விருப்பமா?" என்பதை ஒட்டித்தான் கேள்வி இருக்கும். இப்போது, "அவர் எந்த முடிவையும் பதிந்து வைக்கவில்லை. அதனால் தானத்துக்கு அவருக்கு ஆட்சேபணை இல்லை என்று சட்டம் எடுத்துக்கொள்கிறது. உங்களிடம் அவர் இதற்கு மாறாக ஏதாவது சொன்னதுண்டா?" என்று கேட்கிறோம்.

மனைவி என்னை நேராகப் பார்த்தார். "சட்டம் உங்களுக்கு அனுமதி கொடுத்துவிட்டதென்றால் என்னை ஏன் கேட்கிறீர்கள்?"

என் வேலையில் என்னைத் தடுமாற வைத்த கேள்வி அது. "அவரை எங்களுக்குத் தெரியாது, உங்களுக்குத்தான் தெரியும்" என்று சொன்னேன். உண்மையும் அதுதான். முழு உண்மையா என்று கேட்டால், இல்லை.

மகன்தான் முதலில் பேசினான். ஓட்டுநர் உரிமத்தை இணையத்தில் புதுப்பிக்கும்போது அப்பாவுக்கு அவன்தான் உதவியிருக்கிறான். அங்கே உறுப்பு தானத்தைப் பற்றி ஒரு கேள்வி வரும். "இப்போது பதில் சொல்ல விரும்பவில்லை" என்பதை அப்பா அழுத்தச் சொன்னாராம். "அப்படியென்றால் அவருக்கு இஷ்டமில்லைதானே?" என்றான். சித்தப்பா தலையசைத்து மறுத்தார். "உன் அப்பா வாழ்க்கையில் ஒரு படிவத்தையாவது முழுசாக நிரப்பியிருக்கிறாரா? சாப்பாட்டு நேரமாகியிருக்கும், விட்டிருப்பார்."

ஒரே சொடுக்கு. ஒருவருக்கு அது மறுப்பு, இன்னொருவருக்குச் சோம்பல். இந்தச் சட்டத்தின் மீது எனக்குள்ள முதல் சந்தேகம் இதில் அடங்கியிருக்கிறது. மௌனத்துக்குப் பொருள் இல்லை. சட்டம் ஒரு பொருளைக் கொடுக்கிறது. 'அனுமானிக்கப்பட்ட சம்மதம்' என்ற பெயரே கொஞ்சம் ஏமாற்று. அங்கே யாரும் சம்மதிக்கவில்லை, மறுக்கவில்லை, அவ்வளவே. இங்கிலாந்துச் சட்டம் 'கருதப்படும்' என்று சொல்வது கொஞ்சம் நேர்மையான சொல். பெரும்பாலோர் கொடுக்கத் தயாராக இருப்பதாகக் கருத்துக்கணிப்புகள் காட்டுகின்றன, ஆகவே மௌனமாக இருந்தவரும் அநேகமாகத் தயாராகத்தான் இருந்திருப்பார் என்ற கணக்கு அதன் அடியில் இருக்கிறது. கணக்கு கூட்டத்துக்குப் பொருந்தும். என் முன்னால் இருந்தது ஒரே ஒரு ஆள்.

அந்த அறையில் முடிவு எப்படி வந்தது தெரியுமா? படிவமும் சொடுக்கும் பேசித் தீர்வதற்குள் மனைவி கேட்டார்: "எவ்வளவு நேரம் ஆகும்?" ரத்தத்தைப் பரிசோதனைக்கு அனுப்பவேண்டும், திசுப் பொருத்தம் பார்க்கவேண்டும், ஒவ்வொரு உறுப்புக்கும் பொருத்தமான நோயாளியைத் தேடி அந்தந்த மருத்துவமனையின் ஒப்புதலைப் பெறவேண்டும், அறுவைக் குழுக்கள் பயணம் செய்து வந்து சேரவேண்டும். ஒரு நாள், சில சமயம் அதற்கும் மேல். நாளை சாயங்காலம் ஆகலாம் என்று மறைக்காமல் சொன்னேன். அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "இந்த மெஷின் சத்தத்தோடு இன்னொரு ராத்திரி என்னால் முடியாது" என்றார்.

சட்டப்படி பார்த்தால் அது ஒரு காரணமே இல்லை. இறந்தவருக்கு விருப்பம் இல்லை என்பதற்கான தகவல் எதுவும் அதில் கிடையாது. பொறுப்பு மருத்துவரிடம் போய்ச் சொன்னேன். இரண்டு பேரும் ஒரு நிமிடம்கூட விவாதிக்கவில்லை. நிறுத்திவிட்டோம். ஒரு மணி நேரத்தில் வென்டிலேட்டர் அணைக்கப்பட்டது. இரண்டு நல்ல சிறுநீரகங்கள், ஒரு கல்லீரல். காத்திருக்கும் பட்டியலில் இருந்த யாரோ இரண்டு மூன்று பேர் அன்றைக்கு ஒன்றும் தெரியாமல் தூங்கப் போயிருப்பார்கள். அந்த முடிவு சரியா என்று இன்றைக்கும் என்னால் அடித்துச் சொல்ல முடியவில்லை. மனைவியை மதித்தோம், அதில் சந்தேகமில்லை. இறந்தவரை மதித்தோமா? அவருக்கு என்ன விருப்பம் என்ற கேள்விக்கு அங்கே பதிலே வரவில்லை. பதில் வருவதற்கு முன்பே அந்தப் பெண்ணின் உடம்பு களைத்துவிட்டது.

உங்கள் கேள்விக்கு நான் சொல்லக்கூடிய முக்கியமான விஷயமும் இதிலிருந்துதான் வருகிறது. சட்டம் சம்மதத்தைப் பற்றிப் பேசுகிறது. குடும்பம் மறுக்கும்போது அது பெரும்பாலும் சம்மதத்தைப் பற்றிய மறுப்பாக இருப்பதில்லை. நேரம் ரொம்ப ஆகிறது, உடம்பை வெட்டுவது தாங்காது, உண்மையிலேயே இறந்துவிட்டாரா என்ற உறுத்தல், மூன்று நாளாக யாரும் சரியாகப் பேசவில்லை என்ற கோபம், அண்ணனும் தம்பியும் ஒத்துப்போகவில்லை, அவர் என்ன நினைத்தார் என்றே தெரியாது. அறையில் நான் கேட்டவை இவைதான். இவற்றில் கடைசி ஒன்றைத் தவிர மற்ற எதையும் எந்தச் சம்மதச் சட்டமும் தொடுவதில்லை.

குடும்பத்தின் வாயை உண்மையிலேயே மூடிய சட்டங்களும் உண்டு, அவற்றையும் சொல்லவேண்டும். சிங்கப்பூரில் 1987 முதல் இருக்கும் சட்டம் கடுமையான வகை. உயிரோடு இருக்கும்போதே மறுத்துப் பதியாவிட்டால் குடும்பத்தின் எதிர்ப்புக்குச் சட்டத்தில் இடமில்லை. 2007-இல் அங்கே மூளைச்சாவு அடைந்த ஒருவரின் உறவினர்கள், அவர் எழுந்துவிடுவார் என்று நம்பி இன்னும் கொஞ்சம் நேரம் கொடுங்கள் என்று மண்டியிட்டுக் கெஞ்சினார்கள். ஒரு நாள் அவகாசம் கொடுத்தார்கள். பிறகு அவர்கள் அழுது தடுத்தும் அவரை அறுவை அரங்குக்குக் கொண்டுபோனார்கள். சட்டம் மீறப்படவில்லை. ஆனால் அந்தச் செய்தியைப் படித்தவர்கள் மனதில் நின்றது சட்டம் இல்லை, மண்டியிட்ட காட்சி.

லாட்வியாவில் நடந்தது இன்னும் மோசம். 2001-இல் ஒருவர் கார் விபத்தில் இறந்தார். பிரேதப் பரிசோதனை முடிந்து உடல் வீட்டுக்கு வந்தபோது கால்கள் ஒன்றாகக் கட்டப்பட்டிருந்தன. விபத்தால் ஏதோ ஆகியிருக்கும் என்று மனைவி நினைத்துக்கொண்டார், அப்படியே புதைத்தார்கள். இரண்டு வருடம் கழித்து, சடலங்களிலிருந்து திசு எடுத்ததைப் பற்றி விசாரித்துக்கொண்டிருந்த பாதுகாப்புப் போலீஸ் வந்து சொன்ன பிறகுதான் அவருக்கு விஷயம் தெரிந்தது: கணவரின் உடம்பிலிருந்து திசு எடுத்து, மருத்துவப் பொருள் தயாரிக்க ஜெர்மனியில் உள்ள ஒரு நிறுவனத்துக்கு அனுப்பியிருக்கிறார்கள். எவ்வளவு எடுத்தார்கள், எங்கிருந்து எடுத்தார்கள், கால் ஏன் கட்டியிருந்தது? பல காலம் இந்தக் கேள்விகளோடு அவர் தனியாக இருந்தார். அந்த நாட்டுச் சட்டத்திலும் மறுக்காதவர் சம்மதித்தவரே. உறவினருக்குக் கருத்தைச் சொல்ல உரிமை உண்டு என்றும் அதில் இருந்தது. ஆனால் அவர்களைத் தேடிக் கேட்கவேண்டுமா என்பதில் அதிகாரிகளுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. வழக்கு ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போனது. 2015 ஜனவரியில் தீர்ப்பு: குடும்ப வாழ்க்கைக்கான உரிமை மீறப்பட்டது, அதோடு இழிவாக நடத்தப்படாமல் இருக்கும் உரிமையும் மீறப்பட்டது. பதினாறாயிரம் யூரோ கொடுக்கச் சொன்னார்கள்.

இந்தத் தீர்ப்பைப் பலர் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். மறுக்காதவர் சம்மதித்தவர் என்ற முறையே தவறு என்று நீதிமன்றம் சொல்லவில்லை. சட்டம் தெளிவாக இல்லை, கேட்கும் கடமை யாருக்கு என்று தெரியவில்லை, அதனால் ஒரு பெண் தன் கணவரின் உடம்புக்கு என்ன நடந்தது என்றே தெரியாமல் வருடக்கணக்கில் வதைபட்டார் என்பதுதான் அதன் சாரம். நான் சொல்வதும் அதற்குப் பக்கத்தில்தான் வருகிறது. குடும்பத்தை அதிகம் புண்படுத்துவது தெரியாமல் வைப்பது. உறுப்பு எடுத்ததற்காகப் பிறகு வருந்திய குடும்பங்களை நான் மிகக் குறைவாகத்தான் பார்த்திருக்கிறேன். சொல்லாமல் விட்ட ஒரு சின்ன விஷயத்துக்காகப் பல வருடம் கழித்தும் கடிதம் எழுதியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சரி, இந்தச் சட்டத்தால் தானமாவது கூடுகிறதா? இங்கேதான் நிச்சயமானதையும் சந்தேகமானதையும் பிரித்துச் சொல்லவேண்டும். இணையத்தில் சுற்றிக்கொண்டே இருக்கும் ஒரு ஒப்பீடு உண்டு. 2003-இல் வெளியான ஒரு ஆய்விலிருந்து எடுத்தது. மறுக்காதவர் சம்மதித்தவர் என்ற முறை உள்ள ஆஸ்திரியாவில் கிட்டத்தட்ட நூற்றுக்கு நூறு, தானாகச் சம்மதிக்கவேண்டிய ஜெர்மனியில் நூற்றுக்குப் பன்னிரண்டு. பார்த்தவுடன் 'ஒரு டிக் குறியை மாற்றினால் போதும்' என்று தோன்றும். ஆனால் அந்த எண்கள் பட்டியலில் சம்மதித்ததாகக் கணக்கில் வருபவர்களைப் பற்றியவை. உண்மையில் உறுப்பு கொடுத்தவர்களின் எண்ணிக்கை அதில் இல்லை. மறுக்காத எல்லோரையும் சேர்த்துக்கொண்டால் நூறு வராமல் என்ன வரும்?

ஸ்பெயின் அதைவிட நன்றாகப் பாடம் சொல்கிறது. உலகத்திலேயே அதிகம் தானம் நடக்கும் நாடுகளில் அது முதல் வரிசை. அங்கே 1979 முதல் மறுக்காதவர் சம்மதித்தவர் என்ற சட்டம் இருக்கிறது. ஆகவே சட்டம்தான் காரணம் என்று எல்லோரும் சொல்வார்கள். ஆனால் சட்டம் வந்து பத்து வருடம் கழித்து, 1989-இல், பத்து லட்சம் பேருக்குப் பதினான்கு தானம் என்ற அளவில்தான் இருந்தது. அந்த வருடம்தான் தேசிய மாற்று அமைப்பைத் தொடங்கினார்கள். ஒவ்வொரு பெரிய மருத்துவமனையிலும் தீவிர சிகிச்சை மருத்துவர் ஒருவரையே ஒருங்கிணைப்பாளராக வைத்தார்கள், குடும்பத்தோடு எப்படிப் பேசுவது என்று பயிற்சி கொடுத்தார்கள். அந்தச் சட்டம் இருந்தபடியே இருக்க, எண்ணிக்கை ஏறி ஏறிச் சமீப வருடங்களில் ஐம்பதை ஒட்டி வந்துவிட்டது. குடும்பத்தை அவர்கள் எப்போதும் கேட்கிறார்கள், மறுத்தால் நிறுத்துகிறார்கள். அந்த அமைப்பை நிறுவிய ரஃபேல் மாட்டேசன்ஸே தங்கள் வெற்றிக்குச் சட்டம் காரணம் இல்லை என்று பலமுறை சொல்லியிருக்கிறார். பிரான்ஸிலும் 1976 முதல் இதே வகைச் சட்டம்தான். ஆனாலும் மூன்றில் ஒன்று என்ற அளவில் அங்கே மறுப்பு வருகிறது.

வேல்ஸில் சட்டம் வந்த முதல் ஆண்டில் நூற்றுக்கு 58 குடும்பங்கள் ஒத்துக்கொண்டன, மூன்று ஆண்டில் அது 77-ஐத் தொட்டது. நாங்கள் எல்லோரும் மகிழ்ந்தோம். பிறகு அது இறங்கியது. இங்கிலாந்தில் சட்டம் வந்தது கொரோனா உச்சத்தில். குடும்பத்தை வார்டுக்குள் விடமுடியாமல், முகக்கவசத்தோடு, சில சமயம் போனில் இந்தப் பேச்சைப் பேசவேண்டியிருந்தது. சட்டத்துக்கு முன் பிரிட்டன் முழுவதும் 67 சதவீதத்தை ஒட்டி இருந்த குடும்ப ஒப்புதல், இந்த வருடங்களில் 60-ஐ ஒட்டி வந்துவிட்டது. இதற்குச் சட்டம் காரணமா, தொற்றுக்காலம் காரணமா, மருத்துவமனைகள் மீது நம்பிக்கை தேய்ந்தது காரணமா என்று யாராவது உறுதியாகச் சொன்னால் நம்பாதீர்கள். சட்டம் மட்டும் போதவில்லை என்பது வரை நிச்சயம்.

பின்னால் இழுத்த அனுபவமும் உண்டு. பிரேசில் 1997-இல் இப்படி ஒரு சட்டம் போட்டது. அடையாள அட்டையில் 'கொடையாளி இல்லை' என்று பதியச் சொல்லி மக்கள் அலுவலகங்களில் குவிந்தார்கள். மருத்துவரே நம் உறுப்புக்காகக் காத்திருப்பாரோ என்ற பயம் ஏழைகளிடம் அதிகமாக இருந்தது. 1998-இல் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். நம்பிக்கை இல்லாத இடத்தில் இந்தச் சட்டம் போனால் என்ன ஆகும் என்று கேட்டால் நான் இதைத்தான் காட்டுவேன்.

நான் பார்த்த வித்தியாசங்களில் மிகப் பெரியது இதுதான்: ஒருவர் உயிரோடு இருக்கும்போது தானாகவே 'சரி' என்று பதிந்திருந்தால் பத்தில் ஒன்பது குடும்பங்கள் ஒத்துக்கொள்கின்றன. பதியாமல் மௌனமாக விட்டிருந்தால் பாதியை ஒட்டித்தான். ஒரே நாடு, ஒரே மருத்துவமனை, ஒரே செவிலி. மாறியது இறந்தவர் விட்டுச்சென்ற ஒரு வரி மட்டும். சட்டம் மௌனத்தைச் 'சரி' என்று மொழிபெயர்த்துத் தந்தாலும் குடும்பம் அதை அவருடைய குரலாக ஏற்பதில்லை. அரசாங்கத்தின் குரலாகவே கேட்கிறது. வீட்டில் ஆங்கிலம் அதிகம் பேசாதவர்கள், மருத்துவமனையோடு முன்பே கசப்பு உள்ளவர்கள் ஆகியோரிடம் இந்த இடைவெளி இன்னும் அகலம். சிறுபான்மை இனக் குடும்பங்களில் ஒப்புதல் பிரிட்டனில் கணிசமாகக் குறைவு. சட்டம் மாறியது என்ற செய்தியே அவர்களில் பலரை எட்டியிருக்காது. செய்தி எட்டாத ஒருவரின் மௌனத்தைச் சம்மதமாகக் கருதுவது எனக்கு உறுத்தும் இடம். நெதர்லாந்து இதில் கொஞ்சம் கவனமாக இருந்தது. 2020-இல் அவர்கள் மாறும்போது பதியாத ஒவ்வொரு வயதுவந்தவருக்கும் கடிதம் போட்டார்கள், பதில் வராவிட்டால் மறுபடி நினைவூட்டினார்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் 'ஆட்சேபணை இல்லை' என்று பதிந்து, அப்படிப் பதிந்திருக்கிறோம் என்று அவருக்கே சொன்னார்கள். அந்த மௌனத்துக்குக் கொஞ்சம் கனம் உண்டு.

இந்தச் சட்டத்தால் குடும்பத்துக்கு நன்மையே இல்லை என்று சொன்னால் அது பொய். தானே முடிவெடுக்கவேண்டும் என்ற பாரம் சிலருக்கு உண்மையிலேயே இறங்குகிறது. "அப்படியென்றால் நான் ஒன்றும் தீர்மானிக்கவேண்டாம், இல்லையா?" என்று ஒரு வயதான தகப்பன் கேட்டுப் பெருமூச்சு விட்டதைப் பார்த்திருக்கிறேன். 'உங்களுக்கு என்ன வேண்டும்' என்பதிலிருந்து 'அவருக்கு என்ன வேண்டியிருந்திருக்கும்' என்பதற்குப் பேச்சு நகர்வது நல்ல நகர்வு. ஆனால் அதே வாக்கியத்தைக் கேட்டு, 'எல்லாம் முடிவாகிவிட்டது, சும்மா சம்பிரதாயத்துக்குக் கேட்கிறார்கள்' என்று முகம் இறுகியவர்களும் உண்டு. எந்த முகம் எப்படி மாறும் என்று முன்கூட்டிச் சொல்லும் திறமை எனக்கு வரவே இல்லை.

கேட்காமல் எடுத்தால் மதிப்பு இல்லை என்பதில் எனக்குச் சந்தேகம் கிடையாது. கேட்டுவிட்டு, எந்தக் காரணத்துக்காக மறுத்தாலும் நிறுத்துவதுதான் மதிப்பா என்பதில்தான் சந்தேகம். பதிவேட்டில் தெளிவாக 'சரி' என்று எழுதி வைத்தவர் விஷயத்திலும், களைப்பால் குடும்பம் மறுக்கும்போது நாங்கள் நிறுத்தியிருக்கிறோம். அங்கே இறந்தவருக்கு அநியாயம் நடந்ததாகவே நினைக்கிறேன். மௌனமாக இருந்தவர் விஷயத்தில் அப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. குடும்பத்தின் சொல்லுக்கு எவ்வளவு எடை என்பது இறந்தவர் எவ்வளவு தெளிவாகப் பேசிவிட்டுப் போனார் என்பதைப் பொறுத்து மாறவேண்டும் என்பது என் கட்சி. என்னோடு வேலை பார்த்தவர்களிலேயே பாதிப் பேர் இதை ஒத்துக்கொள்ளமாட்டார்கள்.

நீங்கள் எந்த நாட்டில் இருக்கிறீர்கள் என்று சொல்லவில்லை. எங்கே இருந்தாலும் பதிந்துவிட்டு வீட்டிலும் சொல்லிவிடுங்கள் என்பேன், 'வேண்டாம்' என்றாலும் சரி. நான் என் கணவரிடம் கேட்டபோது, "எல்லாம் கொடுத்துவிடு, கண்ணை மட்டும் விட்டுவிடு" என்றார். ஏன் என்று கேட்டேன். சொல்லத் தெரியவில்லை. உறுப்பு வாரியாகக் குறிக்கப் பதிவேட்டில் இடம் இருக்கிறது. கண்ணை விட்டுவிடச் சொல்பவர்கள் நிறையப் பேர் உண்டு. அப்படியே குறித்து வைத்திருக்கிறோம்.